பத்து லட்சம் கட்டியாச்சு: குறைய வேண்டியது தவணையா, வருஷமா?

கே.டி.சி. நகர் வீட்டுக்கு வாங்கிய கடனில் பத்து லட்சத்தை மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். இந்த விடுமுறையில் ஊரில் எனக்கு இருந்த பெரிய வேலை அதுதான். பணத்தை ஷார்ஜாவில் இருந்தபடியே ஆப் வழியாகப் போட்டிருக்கலாம். ஆனால் போட்ட பிறகு மாதத் தவணை குறையுமா, கட்ட வேண்டிய வருஷம் குறையுமா என்று கேட்டால் கஸ்டமர் கேரில் ஆளுக்கொரு பதில். சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வைத்துவிட்டேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் 40 லட்சம், 20 வருஷம். இடையில் வட்டி ஏறியதையும் இறங்கியதையும் விட்டுவிட்டு 8.5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 34,713 ரூபாய். ஐந்து வருஷம் கட்டி முடித்த நிலையில் அசல் பாக்கி 35.25 லட்சம். இதுவரை கட்டியது கிட்டத்தட்ட 20.8 லட்சம், அசலில் கழிந்தது நாலே முக்கால் லட்சம்தான். இப்போது பத்து லட்சம் கட்டினால் பாக்கி 25.25 லட்சமாகும். இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

பாளையங்கோட்டை கிளையில் கூட்டம் அதிகமில்லை. கடன் பிரிவில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "பணத்தைக் கட்டிருங்க சார், சிஸ்டமே டென்யூரைக் குறைச்சிரும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுதாங்க, அதுதான் லாபம்" என்றார். தவணையைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தவணைத் தொகை மாறுவதால் துணைக் கடன்தாரரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். துணைக் கடன்தாரர் என் மனைவி; அவள் அப்போது அம்பாசமுத்திரத்தில் அவள் அம்மா வீட்டில். அன்றைக்கு வேலை நடக்காது என்று தெரிந்ததும், அபராதம் ஏதும் உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். கிடையாது. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனாக இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் பெருமாள்புரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இளைஞர் சொன்ன 'லாபம்' கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டினார். பழைய 34,713 ரூபாயையே தொடர்ந்து கட்டினால் மீதிக் கடன் 103 மாதத்தில், அதாவது எட்டு வருஷம் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். இனிமேல் கட்டும் வட்டி சுமார் 10.4 லட்சம். அதற்குப் பதில் 180 மாதத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் மாதம் 24,866 ரூபாய்தான்; ஆனால் மொத்த வட்டி 19.5 லட்சம். வித்தியாசம் ஒன்பது லட்சத்துக்கு மேல். பத்து லட்சமே கட்டாமல் விட்டிருந்தால் வட்டி 27.2 லட்சம் போயிருக்கும்.

"பாத்தியா, ஒன்பது லட்சம். இதைக் காட்டித்தான் எல்லாரும் வருஷத்தைக் குறைக்கச் சொல்லுதான்" என்றவர், என் கடன் கணக்குத் தாளை எடுத்து அடிஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்தார். வட்டிப் பற்று என்று போட்டிருக்கும் வரி அது. "இதுல அடுத்த மாசம் என்ன வரும்னு சொல்லு பாப்போம்."

25.25 லட்சத்துக்கு 8.5 சதவீதம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு: 17,886 ரூபாய். வருஷத்தைக் குறைத்தாலும் அதுதான், தவணையைக் குறைத்தாலும் அதுதான். பாக்கி அசல் ஒன்று, வட்டி வீதம் ஒன்று. வங்கி இரண்டு பேருக்கும் ஒரே வட்டியைத்தான் போடும்.

அப்படியானால் ஒன்பது லட்சம் எங்கிருந்து வந்தது? ஒருவன் மாதாமாதம் 9,847 ரூபாய் கூடுதலாக அசலில் கட்டுகிறான், இன்னொருவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவும் அதிலிருந்துதான். தவணையைக் குறைத்துக்கொண்டு, அந்த 9,847 ரூபாயை நாமாகவே மாதாமாதம் கடன் கணக்கில் போட்டுவந்தால், கடன் அதே 103-ஆவது மாதத்தில்தான் முடியும். வட்டியும் அதே 10.4 லட்சம்தான். குறைத்த தவணையில் மிச்சமாகும் பணத்தைச் செலவழித்தால்தான் நஷ்டம்.

வட்டி ஒன்று என்றால் வித்தியாசம் கட்டாயத்தில் இருக்கிறது. வருஷத்தைக் குறைத்தால் 34,713 ரூபாய் மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய கடமை. தவணையைக் குறைத்தால் கடமை 24,866 மட்டும். மேலே உள்ளது நம் விருப்பம். என் வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் பழைய அளவே கட்டி வந்தால், எந்த வழியில் போயிருந்தாலும் பாக்கி சுமார் 20.9 லட்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் வேலை போனால், ஒரு வழியில் மாதம் 34,713 தேட வேண்டும், இன்னொன்றில் 24,866. வேலை போன பிறகு வங்கியிடம் போய்த் தவணையைக் குறையுங்கள் என்று கேட்டால் அது கடனைத் திருத்தி அமைக்கும் விஷயமாகிவிடும். சம்பளச் சான்று கேட்பார்கள், நம்மிடம் இருக்காது.

அரசு வேலையில் இருக்கும் என் அத்தானுக்கு சித்தப்பா சொன்ன பதில் வேறு. "உனக்கு சம்பளம் நிக்கப் போறதில்ல, கையில காசு இருந்தா வண்டி மாத்துவ. வருஷத்தைக் குறைச்சிட்டுப் பேசாம இரு." நியாயம்தான். மாதாமாதம் தானாகக் கட்ட மனம் வராது என்று தெரிந்தவர்களுக்கு வங்கியின் கட்டாயமே நல்லது.

வருஷத்தைக் குறைப்பதில் இன்னொரு சிக்கலையும் அவர் சொன்னார். 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியபோது, பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டன. கட்டும் தொகை மாறாததால் நிறையப் பேர் கவனிக்கவே இல்லை. கஷ்டப்பட்டுக் குறைத்த வருஷம் இப்படிச் சத்தமில்லாமல் திரும்ப ஏறிவிடலாம். 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று வங்கி நம்மிடம் கேட்க வேண்டும். மீதித் தவணைகள் எத்தனை என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அந்தத் தாளில் மற்றதை விட்டாலும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

தவணையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். மனைவி அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள்; ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு தூரமா என்று அவளுக்குக் கோபம். இரண்டு பேரும் வெளிநாட்டில் இருந்திருந்தால் இதற்கே ஊருக்கு வர வேண்டியிருக்கும், அல்லது பவர் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே கிளம்பும் முன்பே உங்கள் கிளையில் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் சித்தப்பா சொன்னபடி மூன்று விஷயம் எழுதினேன். என்.ஆர்.இ. கணக்கிலிருந்து மாற்றப்படும் பத்து லட்சம் அசலில் வரவு வைக்கப்பட வேண்டும், வரும் தவணைகளுக்கான முன்பணமாக அல்ல. மீதி 180 மாதம் அப்படியே இருக்க, தவணை மாற வேண்டும். மாறிய தவணை அட்டவணையை முத்திரையுடன் தர வேண்டும். முன்பணம் என்ற வார்த்தையை எழுதக் காரணம் உண்டு. சில இடங்களில் அதிகமாகப் போட்ட பணம் அசலில் கழியாமல் தனியாக நிற்கும். அடுத்தடுத்த தவணைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும், வட்டி பழைய பாக்கிக்கே ஓடும்.

சரியாக நடந்ததா என்று பார்க்க அந்த வட்டி வரியே போதும். பத்து லட்சம் கட்டும் முன் மாத வட்டி 24,969 ரூபாய். கட்டிய பின் முழு மாதத்துக்கு 17,886-ஐ ஒட்டி வர வேண்டும். வட்டி தினசரி பாக்கிக்குப் போடப்படுவதால் 30 நாள், 31 நாள் மாதங்களுக்கு இடையே சில நூறு ரூபாய் கூடக் குறைய இருக்கும். ஏழாயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கவில்லை என்றால் பணம் அசலுக்குப் போகவில்லை. மாதாமாதம் போடும் 9,847 ரூபாய்க்கு இந்தச் சோதனை உதவாது. அந்தத் தொகையால் அடுத்த மாத வட்டியில் குறைவது எழுபது ரூபாய்தான், நாள் கணக்கு வித்தியாசத்தில் மறைந்துவிடும். அதற்கு அசல் பாக்கியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குளறுபடி நடந்தது. அட்டவணை 24,866 என்று மாறி வந்துவிட்டது, ஆனால் என் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் உத்தரவு பழைய 34,713-லேயே நின்றுவிட்டது. அடுத்த மாதம் பழைய தொகையே எடுக்கப்பட்டது. அந்த இளைஞரிடம் சொன்னால், "கூடத்தானே போயிருக்கு சார், உங்களுக்கு நல்லதுதான" என்றார். அதிகம் போனது அசலில் சேர்ந்ததா, முன்பணமாக நின்றதா என்று கேட்ட பிறகுதான் திரையைத் திறந்து பார்த்தார். முன்பணமாக நின்றிருந்தது. அதை அசலுக்கு மாற்றி, உத்தரவையும் 24,866-க்குத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கூடவே, தவணை போன இரண்டாம் நாள் 9,847 ரூபாய் கடன் கணக்குக்குத் தனியாகப் போகும்படி நிலையான உத்தரவு ஒன்றும் கொடுத்தேன். அதை எப்போது வேண்டுமானாலும் ஷார்ஜாவில் இருந்தே ஆப்பில் நிறுத்திக்கொள்ளலாம். தவணையை அப்படி நிறுத்த முடியாது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் உங்கள் வங்கி சிறு தொகையை மாதாமாதம் அசலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில வங்கிகள் ஒரு தவணைக்கும் குறைவான தொகையை அசலில் வரவு வைப்பதில்லை. அப்படியென்றால் மிச்சத்தைச் சேர்த்து வைத்து நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். வட்டியில் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அதற்கும் கிளைக்கு நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வங்கியாக இருந்தால், வெளிநாட்டில் இருப்பவருக்கு வருஷத்தைக் குறைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.