ஊருக்குள் மட்டும் ஓடும் டீசல் கார்: ஞாயிறுதோறும் திருமயமா, பெட்ரோலுக்கு மாறுவதா?

காரைக்குடிக்குள் என் கார் ஒரு நாளைக்கு ஓடுவது எல்லாம் சேர்த்து ஆறு கிலோமீட்டர். செக்காலையில் வீடு, கல்லுக்கட்டியில் கடை. நடுவில் ஆத்தாவை ஆஸ்பத்திரிக்கோ கொப்புடையம்மன் கோயிலுக்கோ கூட்டிப்போவேன். 2021-ல் வாங்கிய பி.எஸ். 6 டீசல் கார். இரண்டாவது வருடம், புள்ளி புள்ளியாக உள்ளே அடைத்த பெட்டி போல ஒரு மஞ்சள் விளக்கு மீட்டரில் எரிந்தது. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று பத்து நாள் விட்டுவிட்டேன். பதினோராவது நாள் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தது, பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டி வேகத்தில்தான் நகர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டியதும் P2463 என்று காட்டியது. டி.பி.எஃப். என்கிற கரி வடிகட்டியில் அளவுக்கு மேல் கரி சேர்ந்துவிட்டது என்று பொருள். “கடைசியா முழுசா எரிஞ்சு முடிஞ்சது 1,100 கிலோமீட்டருக்கு முன்னாடிண்ணே. நடுவுல ஆரம்பிச்சு ஆரம்பிச்சு பாதியில நின்னிருக்கு” என்றார் மெக்கானிக். வண்டியை நிறுத்திவைத்தபடியே ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்து, அரை மணி நேரம் எஞ்சினை ரைஸ் செய்து கரியை எரித்தார்கள். சைலன்சர் பக்கம் நெருங்க முடியாத சூடு. எஞ்சின் ஆயிலையும் மாற்றச் சொன்னார். அது எதற்கு என்று எனக்கு அன்று புரியவில்லை.

அதன் பிறகு என் முன் இருந்த வழி இரண்டு. டீசலையே வைத்துக்கொண்டு, சூடேறிக் கரி எரிந்து முடிய வாரம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஒன்று. விற்றுவிட்டுப் பெட்ரோலுக்கு மாறுவது இன்னொன்று. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று வெளியே ஒருவர் சொன்னார். அது சட்டப்படி தவறு, வாரண்டியும் போகும், புகையை நம் தெருவே குடிக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

முதலில் டீசலைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திருச்சி ரோட்டில் ஏறி, கானாடுகாத்தான் விலக்கைத் தாண்டித் திருமயம். கோட்டைச் சுவரை ஒட்டிய பைரவரை ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் போக வர சுமார் 45 கிலோமீட்டர். நான்காவது கியரில், 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல், இருபது நிமிடம் நிற்காமல் ஓட்ட வேண்டும். இது பலன் தரும், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு முறை மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தபோது அன்றே கிளம்பினேன், திருமயம் வருவதற்குள் அணைந்துவிட்டது. ஆனால் எஞ்சின் விளக்கும் சேர்ந்து, பவரும் குறைந்துவிட்டால் ரோட்டில் விரட்டிப் பயனில்லை. அந்த நிலையில் வண்டியின் கம்ப்யூட்டரே கரி எரிப்பை அனுமதிக்காது. நேராக சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

சரி, வடிகட்டி பிழைத்துக்கொண்டது. அப்புறம் ஏன் விற்றேன்? ஆயிலால்தான்.

வடிகட்டியில் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஊருக்குள் ஓடும் வண்டியின் புகையில் அந்தச் சூடு வராது. அதனால் கரி ஓர் அளவைத் தொட்டதும், கம்ப்யூட்டர் தானாகவே சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். பவருக்கான டீசல் எரிந்து முடிந்து, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் பீய்ச்சுவது அது. அந்த டீசல் புகையோடு வெளியே போய், சைலன்சர் வழியில் எரிந்து சூட்டைக் கூட்ட வேண்டும். ஆனால் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வழிந்து, ஆயிலில் கலந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். மூன்று கிலோமீட்டரில் கடை வாசலில் அணைத்துவிட்டால் எரிப்பும் பாதியில் நிற்கும், டீசலும் ஆயிலிலேயே தங்கும். மறுநாள் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், மறுபடி டீசல் இறங்கும்.

நான் தவறவிட்ட விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. கரி அளவைத் தொடும் நாள் புதன்கிழமையாக இருந்தால் புதன்கிழமையே தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நின்றுகொண்டிருக்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், ஒரு சூட்டு வாடை வரும், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டே இருக்கும். கடை வாசலில் இது எனக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. வெயிலுக்குத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் சில ஞாயிறுகள் தவறியதும் உண்டு.

ஆயில் மாற்றி ஐந்து மாதம் கழித்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்குச் சரியாக ஊற்றிய ஆயில் அதற்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஆயில் குறைந்தால் பயப்படுவோம், ஏறியிருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆயில் தானாக ஊறாது. ஏறியதெல்லாம் டீசல். முகர்ந்து பார்த்தாலே தெரிந்தது. இப்படி நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் காப்பாற்றாது. மேல் கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. “உங்க ஓட்டத்துக்கு அஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்ணே” என்றார் மெக்கானிக். அதுவும் சாதாரண ஆயில் ஆகாது. சாம்பல் குறைந்த, டி.பி.எஃப். வண்டிக்கென்று உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது, அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

எரிபொருள் கணக்கையும் அன்று இரவு போட்டேன். ஊருக்குள் என் ஓட்டம் வருடத்துக்கு 1,800 கிலோமீட்டர். திருமயம் ஓட்டம் மட்டும் 2,340. என் வேலைக்கு ஓடியதைவிட வடிகட்டிக்காக ஓடியது அதிகம். அதற்கு 130 லிட்டர், ஏறக்குறைய 12,000 ரூபாய். பெட்ரோல் காராக இருந்தால் அந்த 1,800 கிலோமீட்டருக்கு நான் கூடுதலாகக் கொடுத்திருப்பது 5,300 ரூபாய்தான்.

பெட்ரோல் காரைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இழுவை குறைவு, மைலேஜ் குறைவு, அது வாங்கும்போதே தெரியும். குறுகிய ஓட்டம் பெட்ரோல் எஞ்சினுக்கும் அவ்வளவு நல்லதில்லை என்பதால் ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் வருடம் ஒரு முறை மாற்றப்போகிறேன். மூன்று, நான்கு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். இந்த ஓட்டத்துக்கு மின்சாரக் காரே பொருத்தம் என்று தம்பி சொன்னான். என் கைக்காசு அதற்கு எட்டவில்லை.

பழைய காரை, வாரம் மூன்று முறை மதுரை போய் வரும் ஒரு துணி வியாபாரி வாங்கினார். மஞ்சள் விளக்கு வந்தது, ஆயில் ஏறியது எல்லாவற்றையும் சொல்லி, புது ஆயில் ஊற்றித்தான் கொடுத்தேன். போன மாதம் கோயில் வாசலில் பார்த்தபோது கேட்டேன். அந்த விளக்கு ஒரு முறைகூட எரியவில்லையாம். டிப்ஸ்டிக்கில் ஆயிலும் ஊற்றிய கோட்டிலேயே நிற்கிறதாம்.