ஃப்ரோசன் ஷோல்டரும் பெண்டுலம் எக்சர்சைஸும்: வலிய எவ்ளோ தூரம் தாங்கலாம்? ஒன்றரை வருஷ அனுபவம்

எனக்கு வயசு 52, சுகர் இருக்கு, வலது தோள்பட்டை ஃப்ரோசன் ஷோல்டர் ஆகி ஒன்றரை வருஷம் தாண்டிடுச்சு. இப்ப முக்காவாசி சரியாயிருக்கு. இந்த பெண்டுலம் எக்சர்சைஸ் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க, சிலர் "அதெல்லாம் சும்மா கைய ஆட்டுறது, வேஸ்ட்"னு சொல்றாங்க, சிலர் அத மட்டுமே மாசக்கணக்கா பண்ணிட்டு கை ஏன் இன்னும் தூக்க வரலன்னு கேக்குறாங்க. என் அனுபவத்துல ரெண்டுமே சரியில்ல. பெண்டுலம் வலிய அடக்குறதுக்கும் தோள அசைவில்லாம விட்டுடாம வச்சுக்குறதுக்கும் நல்லா உதவுது, ஆனா இறுகிப்போன தோள தொறக்குற வேலைய அது பண்ணாது. இது புரிஞ்சதுக்கு அப்புறம் தான் எதுல வலிய தாங்கணும் எதுல தாங்கக் கூடாதுன்னே எனக்குப் பிடிபட்டுச்சு.

முதல்ல இது ஃப்ரோசன் ஷோல்டர் தானான்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா தோள் வலி எல்லாத்துக்கும் இந்த பேர வச்சுடுறாங்க. எலும்பு டாக்டர் பண்ணின டெஸ்ட் ரொம்ப சிம்பிள். முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சு, 90 டிகிரி மடக்கி, முழங்கைய எடுக்காம முன்கைய மட்டும் வெளிப்பக்கமா திருப்பச் சொன்னார். இடது கை நல்லா வெளிய போச்சு, வலது கை நேரா முன்னாடி பாத்து நின்னதோட சரி. அப்புறம் அவரே மெதுவா புடிச்சு திருப்பிப் பாத்தார், அப்பவும் போகல. நாமளா தூக்கும்போது தான் வரல, அடுத்தவங்க தூக்கினா கை மேல போகுதுன்னா அது பெரும்பாலும் தசைநார் பிரச்சனையா இருக்கும், ரெண்டு விதத்துலயும் போகலன்னா மூட்டச் சுத்தி இருக்குற உறை இறுகியிருக்குன்னு விளக்கினார். எக்ஸ்ரே நார்மல். அதுவும் எடுத்தே ஆகணுமாம், தேய்மானத்துலயும் இதே மாதிரி கை இறுகும்கறதால.

சரி, பெண்டுலத்துக்கு வரேன். இத பழக்கத்துக்கு கொண்டு வந்தவர் காட்மன்னு ஒரு பாஸ்டன் சர்ஜன், 1934ல ஃப்ரோசன் ஷோல்டர்ங்கற பேர வச்சவரும் அவர் தான். நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் நேரா நின்னுக்கிட்டு கைய முன்னும் பின்னும் வீசுறாங்க, அது பெண்டுலம் இல்ல, அது மார்ச் பாஸ்ட்.

நான் பண்ற விதம் இது. சமையல் மேடைய இடது கையால புடிச்சுக்குவேன், இடது கால் முன்னாடி, வலது கால் பின்னாடி, முட்டி லேசா மடங்கியிருக்கும். இடுப்புல இருந்து குனியணும், முதுக கூன் போடக் கூடாது, முதுகு கிட்டத்தட்ட மேடைக்கு சமமா வர்ற அளவுக்கு குனிஞ்சா வலது கை தானா செங்குத்தா தொங்கும். இப்ப கைய ஆட்டாதீங்க, உடம்ப ஆட்டுங்க. எடைய முன்கால்ல இருந்து பின்காலுக்கு, பின்கால்ல இருந்து முன்காலுக்கு மாத்திக்கிட்டே இருந்தா கை கொஞ்சம் லேட்டா பின்னாடியே வரும். முன்பின்னா கொஞ்ச நேரம், பக்கவாட்டுல கொஞ்ச நேரம், அப்புறம் சின்ன வட்டம் ஒரு பக்கமா பத்து, மறுபக்கமா பத்து. மொத்தமே ரெண்டு நிமிஷம் தான், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தா போதும். எங்க வீட்டு தரையில ஓரடி டைல், ஒரு டைலோட கோட்ட தாண்டாம பாத்துக்குவேன். பெருசா சுத்தினா நல்லா வேல செய்யும்னு தோணும், ஆனா பெருசா சுத்த ஆரம்பிச்சாலே தோள் தசை வேலைக்கு வந்துடும், அங்கயே அதோட நோக்கம் போயிடுது.

கை உண்மையிலேயே தளர்வா இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. உடம்ப டக்குன்னு நிறுத்துங்க. கை அது பாட்டுக்கு ரெண்டு மூணு ஆட்டம் ஆடி மெதுவா அடங்கினா சரியா பண்றீங்க, உடம்பு நின்னதும் கையும் கூடவே நின்னா அவ்ளோ நேரமும் தசைய வச்சு தான் ஆட்டிட்டு இருந்திருக்கீங்க. எனக்கு இன்னொரு அடையாளம் வளையல், கை முழுசா தளர்ந்தா வளையல் எல்லாம் வழுக்கிக்கிட்டு கட்டைவிரல் மொளி வரைக்கும் இறங்கும், விரல இறுக்கி வச்சிருந்தா மணிக்கட்டுலயே நின்னுடும். குனிஞ்சா தலை சுத்துறவங்க, பிபி இருக்குறவங்க, இடுப்பு வலிக்காரங்க கட்டில் ஓரத்துல குப்புற படுத்து கைய மட்டும் கீழ தொங்க விட்டும் பண்ணலாம்.

இப்ப முக்கியமான விஷயம், வலி. ஆரம்பத்துல வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இடத்துக்கு போனேன், பேர் வேண்டாம். அப்ப எனக்கு ராத்திரி வலி உச்சத்துல இருந்த நேரம், வலது பக்கம் திரும்பிப் படுத்தா முழிப்பு வந்துடும். அங்க இருந்தவர் "வலிச்சா தான்மா தொறக்கும், பல்ல கடிச்சுக்கோங்க"ன்னு சொல்லி படுக்க வச்சு கைய தலைக்கு மேல அழுத்தினார். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்ப பாத்தா கை கொஞ்சம் மேல போன மாதிரி தான் இருந்துச்சு, அவருக்கும் சந்தோஷம். ஆனா அன்னிக்கி ராத்திரி தூக்கமே இல்ல, மறுநாள் தலை வார கூட கை வரல. நான் சுவத்துல விரலால ஏறி எட்டுற உயரத்த பென்சில்ல குறிச்சு வச்சிட்டு வந்தேன், அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழயே கை ஒரு வாரத்துக்கு நின்னுச்சு. எங்க மச்சான் கேட்டுட்டு "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், விடாம போ"ன்னார். நான் போகல.

அடுத்து பாத்த ஃபிசியோ கைய தொடவே இல்ல முதல் பத்து நிமிஷம். ராத்திரி வலி முழிக்க வைக்குதா, சும்மா இருக்கும்போது வலி பத்துக்கு எவ்ளோ, கைய நகத்தும்போது வலி முதல்ல வருதா இறுக்கம் முதல்ல வருதான்னு கேட்டார். கடைசி கேள்வி தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதாம். கை போய் தடுக்கி நிக்கிற இடத்துக்கு முன்னாடியே வலி வந்துட்டா மூட்டு இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துல இழுத்தா வீக்கம் தான் கூடும். இறுக்கம் முதல்ல வந்து, அங்கயும் தாண்டி அழுத்தினா தான் வலின்னா கொதிப்பு அடங்கிடுச்சு, இப்ப இழுக்கலாம். ஒரே வியாதி தான், ஆனா மாசத்துக்கு மாசம் வைத்தியம் மாறுது.

அவர் எனக்கு குடுத்த கணக்கு இப்படி. பெண்டுலம் பண்ணும்போது வலி பத்துக்கு மூணு தாண்டக் கூடாது. மந்தமா இழுக்குற மாதிரி இருந்தா ஓகே, சுருக்குன்னு குத்தினாலோ மேல்கை வரைக்கும் தெறிச்சாலோ வட்டத்த பாதியா குறைக்கணும். நிறுத்தின பிறகு அரை மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்துட்டா நல்லது, ரெண்டு மணி நேரம் ஆகியும் கடுப்பு அடங்கலன்னா அடுத்த வேளைக்கு பாதி தான். ஆனா கடைசி தீர்ப்பு அன்னிக்கி ராத்திரியும் மறுநாள் காலையும் தான். தூக்கம் வழக்கத்தவிட கெட்டுச்சா, காலைல சுவத்துக் கோடு கீழ இறங்கிடுச்சா, அப்படின்னா நேத்து பண்ணினது அதிகம், பண்ணும்போது எவ்ளோ சுகமா இருந்திருந்தாலும் சரி.

ஒரு உதாரணம் சொல்றேன். வலி கொஞ்சம் குறைஞ்ச சமயம் கையில எடை வச்சு ஆட்டலாமான்னு கேட்டேன், அவர் கையில புடிக்காதீங்க, புடிச்சாலே முன்கையும் தோளும் இறுகிடும், மணிக்கட்டுல மாட்டுங்கன்னார். மஞ்சப்பைல ஒரு கிலோ உப்பு பாக்கெட்ட போட்டு மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு ஆட்டினேன். ஆட்டும்போது சூப்பரா இருந்துச்சு, மூட்டு லேசா விலகி மூச்சு விடுற மாதிரி, வலி ரெண்டு கூட இல்ல. ஆனா சாயங்காலம் மேல்கைல கடுப்பு, ராத்திரி ரெண்டு தடவ முழிப்பு. மறுநாள் உப்ப எடுத்துட்டு வெறும் கையோட பண்ணினேன், ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு. ஒரு மாசம் கழிச்சு அரை கிலோ துவரம்பருப்பு பாக்கெட் வச்சேன், அப்ப ராத்திரி ஒண்ணும் பண்ணல.

இதெல்லாம் அவரோட சொந்த தியரி இல்ல. 2004ல நெதர்லாந்துல 77 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு பிரிவுக்கு வலி எல்லைய தாண்டியும் இழுத்து கடுமையான ஃபிசியோ, இன்னொரு பிரிவுக்கு வலிய தாண்டாம பெண்டுலமும் முடிஞ்ச அளவு அசைவும் மட்டும். ரெண்டு வருஷத்துல மென்மையா பண்ணின பிரிவுல 89 சதவீதம் பேருக்கு தோள் கிட்டத்தட்ட நார்மல், கடுமையா இழுத்த பிரிவுல 63 சதவீதம். குலுக்கல்ல பிரிச்சு பண்ணின ஆய்வு இல்ல, அதனால இதுவே வேதவாக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா "வலிச்சா தான் தொறக்கும்"னு சொல்றவங்களுக்கு இத காட்டலாம்.

நடுவுல மூட்டுக்குள்ள ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுக்கிட்டேன். வலி நல்லா குறைஞ்சுச்சு, ஆனா சில நாளைக்கு சுகர் எகிறிடும், சுகர்காரங்க முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி மீட்டர்ல அடிக்கடி பாத்துக்கோங்க.

அப்புறம் ராத்திரி வலி போய், கடைசியில மட்டும் இழுக்குற நிலை வந்துச்சு. அங்க இருந்து பெண்டுலம் வெறும் வார்ம்-அப் தான். பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம், ஒரு நிமிஷம் பெண்டுலம், அப்புறம் நிஜமான இழுப்பு. ஒட்டடைக் கம்ப ரெண்டு கையாலயும் புடிச்சு, வலது முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவுல மடிச்ச துண்ட வச்சு, இடது கையால கம்ப தள்ளி வலது கைய வெளிய திருப்புறது. ஆரம்பத்துல அஞ்சு செகண்ட், போகப் போக 20, 30 செகண்ட். பெண்டுலத்துல மாசக்கணக்கா ஒரு இஞ்ச் கூட அசையாத அந்த வெளித்திருப்பம் இதுல தான் நகர்ந்துச்சு, ஏன்னா தொங்குற கை அந்தத் திசைல போறதே இல்ல. இங்க பத்துக்கு நாலஞ்சு வரைக்கும் தாங்கச் சொன்னார், விட்ட உடனே வலி போயிடணும். ராத்திரி கணக்கு மட்டும் மாறவே இல்ல. ஏமாத்துறது இங்க ரொம்ப ஈஸி, துண்டு கீழ விழுந்தா முழங்கை விலகிடுச்சுன்னு அர்த்தம், தோள் காதுப் பக்கம் ஏறினா தூக்குறது தோள்பட்டை எலும்பு தான், மூட்டு இல்ல.

இப்ப கை மேல நல்லாவே போகுது, தலை வாருறது, சடை பின்றது ஓகே. முதுகுக்குப் பின்னாடி தான் இன்னும் இழுக்குது, புடவை கொசுவம் சொருகலாம், பின் ஹூக் மாட்ட முடியல. அதுக்கு துண்ட முதுகுல குறுக்க விட்டு இழுக்குறது பண்றேன்.

விழுந்த பிறகு கை தூக்க வரலன்னா, காய்ச்சலோட தோள் சிவந்து சூடா இருந்தா, விரல் மரத்துப் போனா பெண்டுலம் எல்லாம் ஆரம்பிக்காதீங்க, முதல்ல டாக்டர பாருங்க. இடது கை வலியோட நெஞ்சு அழுத்தம், வேர்வை வந்தா தோள்னு நினைச்சுட்டு உக்காந்திருக்காம உடனே எமர்ஜென்சி போயிடுங்க. சுகர் இருக்குறவங்களுக்கு அடுத்த தோளும் புடிக்க வாய்ப்பு இருக்குன்னு சொன்னதால, அந்த முழங்கைய ஒட்டி வெளிய திருப்புற டெஸ்ட்ட இடது கைக்கும் அப்பப்ப கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்கறேன், இதுவரைக்கும் முழுசா போகுது.