பழைய சப்மரைனர் வாங்குவோர் கவனத்துக்கு: நொடி முள் வழுக்கி ஓடுவது அசலுக்குச் சான்றாகாது

ரோலெக்ஸ் சப்மரைனர் வரிசையில் 116610 என்ற மாடல் 2010-இல் வெளிவந்தது. பழைய கைக்கடிகாரச் சந்தையில் இன்றும் நிறையத் தேடப்படும், நிறையப் போலி செய்யப்படும் மாடல் இது. அப்படிப்பட்ட ஒரு போலியைப் பெட்டி, உத்தரவாத அட்டை சகிதமாகச் சென்னையில் ஒரு மறுவிற்பனையாளர் எனக்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு விற்றார். அவர் எதைக் காட்டி நம்ப வைத்தார், அது ஏன் சான்றாகாது, எதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை, இதே பொருளை வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அவர் முதலில் காட்டியது நொடி முள்ளை. "பாருங்க சார், டிக் டிக்னு குதிக்குதா? வழுக்கிக்கிட்டே போகுது, இதுதான் ஒரிஜினல்" என்றார். முள் உண்மையிலேயே சீராகத்தான் ஓடியது. இந்த மாடலில் இருக்கும் 3135 என்ற மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 28,800 முறை துடிக்கக்கூடியது. அதாவது நொடி முள் ஒரு நொடிக்குள் எட்டுச் சிறு அடிகள் வைக்கிறது, நம் கண்ணுக்கு அது தொடர் ஓட்டமாகத் தெரிகிறது. மலிவான போலிகளில் பெரும்பாலும் 21,600 துடிப்புள்ள மெஷின்களைப் பொருத்துகிறார்கள். அவற்றில் நொடிக்கு ஆறு அடிகள்தான். கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் வேறுபாட்டை எண்ணியே பார்க்கலாம்: ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அசலில் ஏறத்தாழ 30 படங்கள் வரும், மலிவுப் போலியில் 40 வரும். ஆனால் எனக்குக் கிடைத்ததில் 30 படங்களே வந்தன. காரணம் எளிது. சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824 மெஷினைப் பார்த்துச் செய்யப்பட்ட சீன மெஷின்களும் 28,800 துடிப்பு கொண்டவை. அவை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகவே முள் தத்தித் தத்தி ஓடினால் சந்தேகப்படலாமே தவிர, வழுக்கி ஓடுவதை வைத்து அசல் என்று சொல்ல முடியாது. (மறுபக்கம், டிக் டிக்கென்று குதிக்கும் ரோலெக்ஸ் எல்லாம் போலி என்பதும் தவறு. 1970-களில் தொடங்கிச் சில பத்தாண்டுகள் அந்நிறுவனம் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களும் செய்தது. சப்மரைனரில் மட்டும் குவார்ட்ஸ் கிடையாது.)

எடையைப் பொறுத்தவரை, கையில் வாங்கியதும் "நல்ல கனம்" என்று தோன்றுவதற்கு எந்த மதிப்பும் இல்லை. எஃகுச் செயின் உள்ள எந்தக் கடிகாரமும் கனமாகத்தான் இருக்கும். அதே மாடலின் அசலோடு, அதே எண்ணிக்கையிலான செயின் இணைப்புகளோடு, தராசில் வைத்து ஒப்பிட்டால் மட்டுமே எடை எதையாவது சொல்லும். நண்பர் ஒருவரிடம் அதே மாடல் இருக்கிறது. இணைப்புகள் எதையும் கழற்றாத அந்தக் கடிகாரம் தெரிந்த நகைக்கடைத் தராசில் 155 கிராம் காட்டியது. என்னுடையதும் முழு இணைப்புகளோடுதான் வந்தது, ஆனால் 129 கிராமில் நின்றது. விற்றவரிடம் கேட்டபோது, இது 904எல் எஃகு, அதனால் லேசாக இருக்கும் என்றார். 904எல் எஃகுக்கும் மற்றவர்கள் பயன்படுத்தும் 316எல் எஃகுக்கும் அரிப்பைத் தாங்கும் திறனில்தான் வேறுபாடு. அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே. எனவே உலோகத்தின் வகையால் இருபத்தாறு கிராம் குறைய வழியே இல்லை. குறைந்த இடம் செயினில் இருந்தது. அசலில் கொக்கி கட்டி எஃகிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டது, உடலோடு சேரும் முனை இணைப்புகளும் உள்ளே கட்டியானவை. என்னுடையதில் கொக்கி மடித்த தகடு, முனை இணைப்பின் உட்புறத்தை நகத்தால் தட்டினால் வெற்று ஓசை கேட்டது.

இங்கே ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். 1990-களின் அசல் சப்மரைனர்களிலேயே முனை இணைப்புகள் உள்ளீடற்றவை, கொக்கி தகட்டால் ஆனது. அந்தக் காலத்துக் கடிகாரத்தை 155 கிராமோடு ஒப்பிட்டு யாரும் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதேபோல் விலை உயர்ந்த போலிகள் எடையையும் சரியாகவே கொண்டுவந்துவிடுகின்றன.

என் அனுபவத்தில் பொய் சொல்லாதது பொறிப்புதான். இந்த மாடலில் டயலின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே சரிந்து நிற்கும் உலோக உள்வளையத்தைச் சுற்றிலும் நிறுவனத்தின் பெயர் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருக்கும். 12 மணி இடத்தில் நிறுவனத்தின் சின்னமான கிரீடம், 6 மணி இடத்தில் சீரியல் எண். பெயரின் குறிப்பிட்ட எழுத்து டயலின் நிமிடக் கோடுகளுக்கு நேராக நிற்க வேண்டும். மயிரிழை விலகல் அசலிலும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸில் எழுத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நண்பருடைய கடிகாரத்தில் ஒவ்வொரு கோடும் ஒரே அகலத்தில், ஓரம் கூர்மையாக, கடிகாரத்தைச் சாய்க்கும்போது ஒளியை ஒரே வீச்சில் பிடித்து விட்டது. என்னுடையதில் எழுத்துகள் மங்கிய சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் மணல் தூவியதுபோல் பொரிந்து கிடந்தன. சீரியல் எண்ணின் இலக்கங்களுக்கிடையே இடைவெளி ஒன்றுபோல் இல்லை. கடைசி இலக்கம் சற்றே மேலேறி நின்றது. கண்ணாடியின் 6 மணி இடத்தில் இருக்க வேண்டிய மிகச் சிறிய கிரீடம் அசலில் வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஒளியைச் சாய்த்துத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னுடையதில் கையை நீட்டிப் பார்க்கும் தூரத்திலேயே அது வெண்மையாகத் தெரிந்தது. அந்தச் சீரியல் எண்ணை இணையத்தில் தேடியபோது, அதே எண்ணோடு வேறு கடிகாரங்களும் விற்பனைப் படங்களில் இருந்தன. ஓர் எண்ணைத் தேர்ந்து நூற்றுக்கணக்கில் அடிப்பது போலிப் பட்டறைகளின் வழக்கம்.

கடைசியாக, தனியே தொழில் செய்யும் அனுபவமுள்ள ஒரு வாட்ச் பழுதுபார்ப்பவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொன்னேன். 3135 மெஷினில், முன்னும் பின்னும் ஆடித் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலைத் தாங்கும் பாலம் இரண்டு பக்கமும் திருகப்பட்டிருக்கும், அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் நீல நிறத்தில் இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் இருக்காது. திறந்ததும் தெரிந்தது ஒற்றைக் கால் பாலமும், கூட்டல் கழித்தல் குறியிட்ட நெம்புகோலும். "இதுக்கு மேல பார்க்க ஒண்ணும் இல்லீங்க" என்று மூடிவிட்டார்.

தராசுப் படத்தையும் மெஷினின் படத்தையும் அனுப்பியதும் விற்றவர் என் எண்ணை முடக்கிவிட்டார். வங்கிப் பரிமாற்ற விவரம், உரையாடல்கள், படங்கள் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இதற்குரியது. உத்தரவாத அட்டையை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள், பணம் கைமாறுவதற்கு முன் நீங்களே தேர்ந்தெடுத்த பழுதுபார்ப்பவர் முன்னிலையில் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். திறந்தால் தண்ணீர் புகாத தன்மை போய்விடும் என்று விற்பவர் தயங்குவார். அது முழுப் பொய்யும் அல்ல; ஆனால் புதிய ரப்பர் வளையம் போட்டு அழுத்தச் சோதனை செய்தால் அந்தத் தன்மை திரும்பிவிடும், அதற்கான செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.