தனியார் சர்வேயருக்கு முன்பணம் கொடுக்கும் முன்: எங்கள் வாய்க்கால் 1.8 மீட்டர் சுருங்கிய விதம்

நத்தம் பக்கத்தில் உள்ள எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் 43 பட்டாதாரர்கள், ஏறக்குறைய 86 ஏக்கர். பொதுவாகக் குழாய் பதிப்பதற்கும், தந்தை பெயரிலேயே கிடக்கும் பட்டாக்களை உட்பிரிவு செய்யக் கோரி மனு கொடுப்பதற்கும் முன்னால், எல்லா நிலங்களையும் ஒரே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கூடிப் பேசி, ஏக்கருக்கு 1,500 ரூபாய் வீதம் ஒரு தனியார் சர்வேயரை அமர்த்தினோம். கணக்கு வழக்கு பார்ப்பவன் என்பதால் ஒப்பந்தத்தை எழுதியவனும் நான்தான். அது இரண்டே வரி: “43 பட்டாக்களையும் டிஜிபிஎஸ் கருவியால் அளந்து வரைபடம் தருதல். துல்லியம் இரண்டு சென்டிமீட்டர்.” டிஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களை வைத்து இடத்தைக் காணும் கருவி. அந்த இரண்டு வரிகளால் நாங்கள் இழந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் இரண்டு நாளில் அளந்து முடித்தார். முதல் நாள் கோயில் திண்ணைக்கு முன்னால் முக்காலியில் ஒரு கருவியை நிறுத்திவிட்டு, இன்னொன்றைக் கோலில் மாட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு மேற்கே உள்ள நிலங்களை அளந்தார். மறுநாள் அதே முக்காலியைக் கிழக்கே ஒரு களத்தில் நிறுத்தி மறுபாதியை முடித்தார். பத்து நாளில் வண்ண அச்சில் பெரிய வரைபடம் வந்தது. ஒவ்வொரு பட்டாவுக்கும் சென்ட் கணக்கு இரண்டு தசம இடங்கள் வரை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டோம்.

தவறு வெளிப்பட்டது வாய்க்காலில். குழாய்க்காரர் வாய்க்காலின் அகலத்தை வரைபடத்தில் அளந்து 1.4 மீட்டர் என்றார். எங்கள் வாய்க்காலை அந்த அகலத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை. டேப் பிடித்துப் பார்த்தால் 3.2 மீட்டர். மடையருகில், நடுவில், பாலத்தருகில் என ஐந்து இடங்களில் அளந்தோம். அகலம் இடத்துக்கு இடம் சற்று மாறினாலும், ஒவ்வோர் இடத்திலும் வரைபடம் காட்டியது 1.8 மீட்டர் குறைவாகவே இருந்தது. கருவி அங்கங்கே தடுமாறியிருந்தால் ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் வந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரே திசையில் குறைந்தால், ஒரு பாதி அப்படியே மொத்தமாக நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

காரணத்தை விளக்கிச் சொன்னவர் பிற்பாடு நாங்கள் அமர்த்திய இரண்டாவது சர்வேயர். முக்காலியில் நிற்கும் கருவிக்குப் பேஸ் என்றும், கோலில் நடமாடும் கருவிக்கு ரோவர் என்றும் பெயர். இரண்டும் சேர்ந்து அளக்கும் முறையை ஆர்டிகே என்பார்கள். ரோவர் தரும் இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் பேஸிலிருந்து அளந்த துல்லியம் மட்டுமே. பேஸ் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவை முன்கூட்டியே துல்லியமாகக் கண்டு அதில் பதிய வேண்டும். அப்படிச் செய்யாமல் “நீயே கண்டுபிடித்துக்கொள்” என்று ஒரு பொத்தானை அழுத்தினால், பேஸ் சில நிமிடச் செயற்கைக்கோள் கணக்கை வைத்துத் தன் இடத்தைத் தோராயமாக எடுத்துக்கொள்ளும். அது இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருக்கலாம். அன்று அளந்த புள்ளிகள் எல்லாமே அதே அளவு தள்ளிப்போகும், ஆனால் அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று பிசகாது. மறுநாள் வேறிடத்தில் மறுபடி அதே பொத்தானை அழுத்தினால் வேறொரு பிழை வேறொரு திசையில் வரும். இரண்டு நாளும் ரோவரின் திரையில், பேஸிலிருந்து துல்லியமான அளவு கிடைத்துவிட்டது என்று பொருள்படும் FIXED என்ற சொல்லே காட்டிக்கொண்டிருந்திருக்கும். அளந்தவருக்கே தவறு தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல இடமுண்டு. ஆனால் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்: முதல் நாள் அளந்த ஒரு பம்ப் அறை மூலையை மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை அளந்திருந்தால் அங்கேயே வெளிச்சமாகியிருக்கும்.

மேற்குப் பாதிக்குள்ளும் கிழக்குப் பாதிக்குள்ளும் முழுதாக அடங்கிய பட்டாக்களின் பரப்பு இதனால் கெடவில்லை. வினை வந்தது வாய்க்கால் முடியும் வடகோடியில், முதல் நாள் இருட்டிவிட்டதால் பாதியில் நின்ற ஒரு நிலத்தில். நீளம் 150 மீட்டர், அகலம் 24 மீட்டர். அதன் மேற்கு வரப்பு முதல் நாள் கணக்கிலும் கிழக்கு வரப்பு மறுநாள் கணக்கிலும் பதிவானதால் அகலம் 22.2 மீட்டராகச் சுருங்கி, 89 சென்ட் நிலம் 82.28 சென்ட் என்று அச்சானது. அந்த நிலத்துக்காரரான பெரியப்பா, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிவிட்டார் என்று நம்பி இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. நீண்டு குறுகிய நிலம் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை இதில் பார்க்கலாம். அதே 1.8 மீட்டர் ஒரு சதுர நிலத்தின் 60 மீட்டர் பக்கத்தில் விழுந்திருந்தால் மூன்று சென்ட்டுக்கும் குறைவாகவே போயிருக்கும்.

முதல் சர்வேயரை அழைத்துக் கேட்டபோது, “ஆர்டிகே கருவி தம்பி, தவறவே தவறாது” என்றார். வாய்க்காலைக் காட்டியதும், கிழக்குப் பாதியை 1.8 மீட்டர் நகர்த்தி உடனே புதுப் படம் தருவதாகச் சொன்னார். இங்கேதான் நாங்கள் இரண்டாம் முறை ஏமாற இருந்தோம். வாய்க்கால் வடக்குத் தெற்காக ஓடுவதால் அதன் அகலம் கிழக்கு மேற்கு நகர்வை மட்டுமே காட்டும். வடக்குத் தெற்காக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. மூலப் பதிவுகளைக் கேட்டபோது கருவியிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, இரண்டு நாள் படத்திலும் அடையாளம் தெரிந்த கற்கள், பம்ப் அறை மூலைகள், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என 12 இடங்களை இரண்டாவது சர்வேயர் மீண்டும் அளந்து பார்த்ததில், மேற்குப் பாதியோடு ஒப்பிடக் கிழக்குப் பாதி 1.8 மீட்டர் மேற்காகவும் 0.9 மீட்டர் தெற்காகவும் இருந்தது. முதல் சர்வேயர் சொன்னபடி நகர்த்தியிருந்தால் படம் பார்வைக்குச் சரியாகி, ஒரு மீட்டர் பிழை நிரந்தரமாக உள்ளே தங்கியிருக்கும்.

நகர்வுதான் தெரிந்துவிட்டதே, பழைய படத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். முடியாமல் போனதற்குக் காரணம், ஒவ்வொரு புள்ளியும் எதன் மேல் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு எங்கும் இல்லை. கல்லின் மேலா, வரப்பின் நடுவிலா, வரப்பின் உள் விளிம்பிலா என்பது தெரியவில்லை. எங்கள் வரப்புகள் இரண்டடி அகலம். கருவி இரண்டு சென்டிமீட்டர் சொன்னாலும், வரப்பின் எந்த இடம் எல்லை என்பது அரை மீட்டருக்குள் ஊசலாடும். நான் எழுதிய “துல்லியம் இரண்டு சென்டிமீட்டர்” என்ற வரி நிறைவேற்றவே முடியாத ஒன்று. எனவே அதை மீறினார் என்று காட்டவும் முடியாது.

இரண்டாம் முறை ஒப்பந்தத்தை மூன்று பக்கமாக எழுதினோம். அதில் துல்லியத்தைப் பொருளுக்கேற்பப் பிரித்தோம். அளவுக்கல்லும் கட்டட மூலையும் 5 சென்டிமீட்டருக்குள். வரப்பின் நடுக்கோடு 25 சென்டிமீட்டருக்குள். தென்னந்தோப்புக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை ஓலையில் பட்டுச் சிதறுவதால், துல்லியம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்படும் FLOAT திரையில் வரும் இடங்களில் எடுத்த புள்ளிகளை ஏற்பதில்லை. அங்கே செயற்கைக்கோள் இல்லாமலே கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளக்க வேண்டும். வரப்பின் 25 சென்டிமீட்டர் 150 மீட்டர் நீளத்தில் ஒரு பக்கம் மட்டும் ஏறினாலே 37 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு சென்ட். எனவே பரப்பை இரண்டு தசம இடங்களில் அச்சிடக் கூடாது என்றும் எழுதினோம். அந்த 82.28-இல் இருந்த .28 தான் பெரியப்பாவை நம்பவைத்தது.

அடுத்து, கிராமத்துக்குள் மூன்று நிலைப்புள்ளிகளைக் கான்கிரீட்டில் பதித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு மணி நேரம் கருவியை நிறுத்தி, எந்நேரமும் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பதிவு செய்துகொண்டிருக்கும் சர்வே ஆப் இந்தியாவின் கோர்ஸ் நிலையங்களோடு இணைத்துக் கணக்கிட வேண்டும். பேஸ் அந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் நிற்க வேண்டும். தினமும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மற்றொரு நிலைப்புள்ளியை ரோவரால் அளந்து காட்ட வேண்டும். வேறுபாடு 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அன்றைய வேலை கணக்கில் சேராது. மொத்த ஒப்பந்தத்தில் செலவே இல்லாத வாசகம் இதுதான். எங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியதும் இதுதான்.

எது எல்லை என்பதையும் இரண்டாகப் பிரித்தோம். தரையில் இன்று அனுபவத்தில் உள்ள வரப்பு ஓர் அடுக்கு; புலப்படத்தின் அளவுகளை, கிடைத்த கற்களோடு பொருத்தி வரைந்த எல்லை இன்னோர் அடுக்கு. இரண்டையும் ஒரே கோடாக இழுத்து ஒட்டவைக்கக் கூடாது. எங்கே, எவ்வளவு வேறுபடுகின்றன என்று தனிப் பட்டியல் தர வேண்டும். அதில் பட்டாவில் உள்ள பரப்பு, புலப்படத்திலிருந்து கணக்கிட்ட பரப்பு, தரையில் உள்ள பரப்பு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். காணாமல் போன கற்கள் எவை என்பதும் அதில் வர வேண்டும். முதல் சர்வேயர் இதையெல்லாம் ஒரே கோட்டில் அடக்கியிருந்தார், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒப்படைக்க வேண்டியவற்றில் வரைபடத்தைக் கடைசியில் வைத்தோம். மூலப் பதிவுக் கோப்புகள் அளந்த அன்று மாலையே எங்கள் கணினிக்கு வந்துவிட வேண்டும். புள்ளிப் பட்டியலில் எண், ஆயத்தொலைவு, எதன் மேல் எடுத்தது, அந்த நேரத்து FIXED அல்லது FLOAT நிலை, கல்லாக இருந்தால் புகைப்படம். கோப்பின் ஆயமுறை EPSG:32644 என்று எழுத்தில் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் பக்கத்தவர்களுக்கு அது EPSG:32643. ஒரு சின்ன விஷயம்: எங்கள் பகுதி 32644 என்ற எண் குறிக்கும் வரைபட மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், கோப்பில் அளக்கும் தூரம் தரையில் டேப் காட்டுவதைவிட 100 மீட்டருக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாக வரும். இது தவறன்று. ஆனால் பட்டாதாரர் கையில் போகும் தாளில் தரைத் தூரமே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்தோம். நிலைப்புள்ளிகள் பதிந்த பின் 30 சதவீதம், கோப்புகள் வந்த பின் 40, நாங்களே தேர்ந்தெடுத்த 20 புள்ளிகளை வேறொருவர் அளந்து ஒப்பிட்ட பின் மீதி. அந்த 20-இல் பாதியை வேண்டுமென்றே முதல் நாள் வேலையும் இரண்டாம் நாள் வேலையும் சந்திக்கும் இடத்தில் வைத்தோம். இரண்டு புள்ளிகள் வரம்பைத் தாண்டின, இரண்டுமே தோப்புக்குள். அவற்றை இரண்டாவது சர்வேயர் தன் செலவில் மீண்டும் அளந்தார்.

இந்த வரைபடம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பட்டாவை மாற்றாது. எல்லைத் தகராறும் உட்பிரிவும் அரசு நில அளவர் வந்து அளந்துதான் தீரும். எங்களுக்குக் கிடைத்த பயன், எந்தெந்தப் புலத்தில் கல் இல்லை என்று பார்த்து மனுவை அந்தப் புலங்களுக்கு மட்டும் கொடுத்தது. பெரியப்பாவின் கிழக்கு எல்லைக் கல் வரப்புக்குள் ஓர் அடி ஆழத்தில் புதைந்து கிடந்தது. ஆயத்தொலைவை வைத்துத் தோண்டிய முதல் குழியிலேயே மண்வெட்டி அதில் பட்டது.

முதல் சர்வேயர் இப்போதும் அக்கம்பக்கத்து ஊர்களில் அதே இரண்டு வரித் தாளோடு வேலை பிடிக்கிறார். உங்கள் ஊருக்கு அப்படி யாராவது வந்தால், முன்பணம் கொடுக்கும் முன், பேஸை எந்தப் புள்ளியின் மேல் நிறுத்துவீர்கள், அந்தப் புள்ளியின் ஆயத்தொலைவு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.