டிவி இல்லாத அறையில் பிஎஸ்4: கேப்சர் கார்டும் லேப்டாப் திரையும்

பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் நான் தங்கியிருக்கும் பிஜி அறையில் டிவி வைக்க இடம் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக என் பிஎஸ்4-ஐ லேப்டாப் திரையில்தான் ஆடிவருகிறேன். லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே மட்டுமே அனுப்பும், உள்ளே வாங்காது. அதனால் நடுவில் ஒரு கேப்சர் கார்டு வேண்டும். எஸ்பி ரோட்டில் பென்டிரைவ் அளவில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லேப்டாப் அதை ஒரு வெப்கேமாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் போட வேண்டாம். படத்தைப் பார்க்க ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

முதலில் ஒரு விஷயம். பிஎஸ்4 அனுப்பும் படத்தில் எச்டிசிபி என்ற பூட்டு இருக்கும். அது இருக்கும்வரை கார்டில் வெறும் கருப்புத் திரைதான் வரும், கார்டு பழுது என்று தோன்றும். Settings, System போய் Enable HDCP-ஐ அணைக்க வேண்டும். அதை அணைக்கவே ஒரு திரை வேண்டுமே! அதற்காகக் கன்சோலைக் கீழே பிஜி ஹாலுக்குத் தூக்கிப்போய், அங்கிருந்த டிவியில் ஒருமுறை மாட்டி மாற்றினேன். அணைத்த பிறகு படம் பார்க்கும் ஆப்கள் கன்சோலில் ஓடாது. கேமுக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல்: தாமதம். கிரிக்கெட் கேமில் இது சட்டென்று தெரியும். என் அறைத்தோழன் முதல் ஓவரிலேயே, "மச்சான், பந்து கீப்பர்கிட்ட போன பிறகுதான்டா பேட்டே சுத்துது" என்றான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் திரையில் 'லேட்' என்றே வந்தது.

காரணம் கார்டின் யூஎஸ்பி 2.0 இணைப்பு. அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 1080பி படத்தை நொடிக்கு 60 ஃபிரேமாக அமுக்காமல் அனுப்ப ஏறக்குறைய 2,000 மெகாபிட் வேண்டும். அதனால் மலிவான கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படம்போல அமுக்கித்தான் அனுப்புகிறது. அப்படியும் 1080பி-யில் 30 ஃபிரேம்தான் தருகிறது, 720பி-க்கு இறங்கினால் 60 கிடைக்கிறது. பார்க்க 1080பி அழகு. ஆட 720பி தான் சரி என்பது என் முடிவு. 30 ஃபிரேமில் ஒரு படம் 33 மில்லிநொடி அப்படியே நிற்கும், 60-இல் அது பாதியாகிறது.

ஓபிஎஸ்ஸில் வீடியோ சோர்ஸின் அமைப்பில் நான் வைத்திருப்பது இது:

```
Resolution/FPS Type: Custom
Resolution: 1280x720
FPS: 60
Video Format: MJPEG
Buffering: Disable
```

கன்சோலிலும் Video Output Settings-இல் 720பி என்றே வைக்க வேண்டும். கன்சோல் 1080பி அனுப்பி அதைக் கார்டு சுருக்கினால், ஸ்கோர்போர்டு எழுத்துகள் மங்கிவிடுகின்றன.

இந்த மாற்றங்களால் எவ்வளவு குறைந்தது என்பதை ஃபோனின் ஸ்லோமோஷனில் அளந்தேன். கன்ட்ரோலரைத் திரைக்கு ஒட்டிப் பிடித்து, பட்டனை அழுத்துவதை நொடிக்கு 240 ஃபிரேமில் படம் எடுத்தால், ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 4 மில்லிநொடி. விரல் அழுத்தியதிலிருந்து திரையில் மெனு நகரும்வரை எண்ண வேண்டியதுதான். ஹால் டிவியில் சுமார் 25 ஃபிரேம் ஆனது. கார்டில் 1080பி, பஃபரிங் தானாக இருந்தபோது 55 வரை போனது. மேலே சொன்ன அமைப்பில் 40-க்கு வந்தது. அதாவது டிவியைவிட 120 மில்லிநொடி பின்தங்கியது 60 ஆனது. லேப்டாப் சார்ஜரில் இல்லாமல் பேட்டரி சேவரில் இருந்தால் ஃபிரேம்கள் விழுந்து படம் திக்கும், அதையும் கவனியுங்கள்.

60 மில்லிநொடியோடு கார் ரேஸ், கதை கேம், கால்பந்து எல்லாம் நிம்மதியாக ஆடலாம். கிரிக்கெட்டில் கை பழகிக்கொண்டது. ஆன்லைன் சண்டை கேம்களும் தாளத்துக்குத் தட்டும் கேம்களும் இதற்குச் சரிப்படாது.

ஒலிக்கு, ஓபிஎஸ்ஸின் Advanced Audio Properties-இல் Monitor and Output கொடுத்தால்தான் லேப்டாப்பில் சத்தம் கேட்கும். ஹெட்ஃபோனைக் கன்ட்ரோலரில் செருகினால் சத்தம் கார்டு வழியாகச் சுற்றாமல் நேரே வந்துவிடும். ஆனால் படம் பின்னால் வருவதால் பந்து பேட்டில் படுவது காதுக்கு முதலில் கேட்கும். எனக்கு அது ஒத்துவரவில்லை, லேப்டாப் வழியாகவே கேட்கிறேன்.

புதிதாக வாங்குபவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு யூஎஸ்பி 3.0 கார்டே வாங்குங்கள். பெட்டியில் '4கே' என்று இருப்பதை நம்ப வேண்டாம், பல கார்டுகளில் அது உள்ளே வரும் படத்தின் அளவுதான். நீல நிற யூஎஸ்பி முனையும் அத்தாட்சி ஆகாது. லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய், அதன் 3.0 போர்ட்டில் கார்டைச் செருகி, ஓபிஎஸ்ஸில் 1920x1080, 60 எனக் கொடுத்துவிட்டு Video Format பட்டியலைத் திறங்கள். அமுக்காத வடிவங்களான YUY2 அல்லது NV12 அங்கே இருந்தால் அது 3.0 கார்டு. MJPEG மட்டும்தான் தெரிகிறது என்றால் வேறு கார்டு கேளுங்கள்.