ஆட்டோ ரினியூ ‘ஆன்’ என்றே காட்டும், பணம் மட்டும் போகாது: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கும்பகோணம், நாச்சியார்கோவில், சுவாமிமலை வட்டாரத்துக் கடைகள் சிலவற்றின் இணையதளங்கள் ஆறு வருடமாக வெளிநாட்டு வெப்சைட் பில்டர் ஒன்றில் ஓடுகின்றன. பக்கம் வடிவமைப்பது, படம் ஏற்றுவது, போனில் திறந்து பார்ப்பது என எதிலும் பெரிய குறை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்புதான் தலைவலி. அதனால் இந்த மதிப்பீடு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ‘வெப்சைட்டுக்குக் கட்டுகிறேன்’ என்று சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனி பாக்கி. ஒன்று பில்டர் பிளான், மற்றது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். இரண்டும் ஒரே கணக்கில், ஒரே கார்டில் இருந்தாலும் தேதி வேறு, விளைவும் வேறு. பிளான் நின்றால் பக்கம் மறையும். பெயர் உங்களிடமே இருக்கும். டொமைன் நின்றால் பக்கம், மெயில் இரண்டும் போகும். பெயரே கைமாறவும் கூடும்.

கணக்கில் ‘ஆட்டோ ரினியூ ஆன்’ என்று பச்சையாகக் காட்டினாலும் பணம் போகாததற்கு இங்கே காரணம் பெரும்பாலும் பேங்க் பக்கம்தான். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முதல் தடவை ஓடிபி கொடுத்து இ-மேண்டேட் பதிய வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பேங்கிலிருந்து அறிவிப்பு வர வேண்டும். டாலரில் பில் போடும் நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்குள் வராவிட்டால், பேங்க் அந்தக் கோரிக்கையை நிராகரித்துவிடும். மேண்டேட் இருந்தாலும் உச்சவரம்பு இடிக்கலாம். முதல் வருடச் சலுகை விலையை ஒட்டி வரம்பு வைத்திருப்பார்கள். இரண்டாம் வருடம் முழு விலை வந்ததும் அதைத் தாண்டிவிடும். டெபிட் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தாலோ, அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்படாமல் இருந்தாலோ கதை அதேதான். எந்தக் காரணமாக இருந்தாலும் பில்டரின் பச்சைப் பொத்தான் பச்சையாகவே இருக்கும். அது உங்கள் விருப்பத்தைத்தான் காட்டுகிறது, பேங்கின் சம்மதத்தை அல்ல.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடை ஒன்றின் `.com` பெயர் நவம்பர் 3 அன்று காலாவதி என்று வையுங்கள். கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் குவியும் நேரம். `.com` போன்ற பெயர்களுக்கு பெயரைப் பதிந்துகொடுக்கும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரார் சுமார் ஒரு மாதம் முன்பும், சுமார் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாளுக்குள் ஒரு முறையும் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். சிக்கல் அந்த மெயில் போகும் முகவரியில்தான். கணக்கின் தொடர்பு முகவரி `info@` என்று அதே டொமைனில் இருந்தால், டொமைன் நின்றதும் மூன்றாவது அறிவிப்பு வராது. பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வராது. முகவரி தளத்தைக் கட்டிக்கொடுத்த டிசைனருடையதாக இருந்து, அவர் இப்போது திருப்பூரில் வேறு வேலையில் இருந்தாலும் விளைவு ஒன்றுதான். வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியை உள்ளே வைத்த கணக்கு.

நவம்பர் 3-க்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள், அதாவது டிசம்பர் 18 வரை, சாதாரணக் கட்டணத்திலோ கொஞ்சம் அபராதத்தோடோ புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த 45 நாள் ரெஜிஸ்ட்ராருக்குக் கிடைக்கும் அவகாசம், உங்களுக்கான உத்தரவாதம் அல்ல. பல ரெஜிஸ்ட்ரார்கள் ஒரு மாத வாக்கிலேயே பெயரை ஏலத்துக்கு விடுகிறார்கள். ஏலத்தில் போகாமல் நீக்கப்பட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம், ஜனவரி 17 வரை. அப்போதும் பழைய உரிமையாளர் மீட்கலாம், ஆனால் கட்டணம் வழக்கத்தைப் போலப் பல மடங்கு. அதற்கடுத்த 5 நாள் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஜனவரி 22 வாக்கில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்துகிறவருக்கு அது. `.in` பெயருக்கு இந்த நாள்கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம், அந்தப் பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகம் வேறு.

இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தளம் படுத்ததும் யாராவது டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் பார்த்து, ‘அடுத்த வருடம் நவம்பர் 3 வரை இருக்கிறதே, பில்டரில்தான் கோளாறு’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். காலாவதி நாளன்று பதிவகம் தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டிவிடும். ரெஜிஸ்ட்ரார் பிறகு பெயரை நீக்கினால் அந்த வருடமும் திரும்பப் போய்விடும். ஆகவே அந்தத் தேதி பணம் கட்டியதற்குச் சான்று ஆகாது. இப்படிப் பாருங்கள்:

```
whois example.com | grep -iE "status|expir"
dig +short NS example.com
```

`Registry Expiry Date` அடுத்த வருடத்தையும், `Registrar Registration Expiration Date` போன நவம்பர் 3-ஐயும் காட்டினால் பணம் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நிலை வரியில் `autoRenewPeriod` இருந்தால் இன்னும் சாதாரண அவகாசத்தில் இருக்கிறீர்கள். `redemptionPeriod` என்றால் பர்ஸைத் திறக்க வேண்டும். `redemptionPeriod` இல்லாமல் `pendingDelete` மட்டும் இருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவது கட்டளை, பெயரைத் தேடுவோரைத் தளத்துக்கு வழிகாட்டும் நேம்சர்வரைக் காட்டும். அதில் வழக்கமான நேம்சர்வர் இல்லாமல் ரெஜிஸ்ட்ராரின் பார்க்கிங் நேம்சர்வர் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ கோளாறு டொமைனில். நேம்சர்வர் சரியாக இருந்து, பில்டர் தன் பக்கத்திலிருந்தே ‘இந்த டொமைன் எந்தத் தளத்தோடும் இணைக்கப்படவில்லை’ என்று சொன்னால் நின்றது பிளான் மட்டுமே. அப்போது பதற வேண்டாம்.

இரண்டும் நின்றிருந்தால் டொமைனுக்கு முதலில் கட்டுங்கள். தளம் தெரியவில்லையே என்று பிளானைப் புதுப்பித்துவிட்டு டொமைனை மறுநாளைக்குத் தள்ளுவதுதான் வழக்கமான தவறு. கட்டியதும் ரசீது மெயிலோடு நிற்காமல் ஹூயிஸில் ரெஜிஸ்ட்ரார் தேதி மாறியதா என்று பாருங்கள். மாறிய பிறகும் சில போன்களில் பார்க்கிங் பக்கமே தெரியலாம். `.com` பதிவகம் தரும் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கும். அந்த இரண்டு நாளில் பயந்துபோய் டிஎன்எஸ் அமைப்பில் கைவைத்து, சரியாக இருந்த மெயில் பதிவையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தொடாதீர்கள்.

மெயில் விஷயம் தனி. டொமைன் முழுதாக மறைந்திருந்த நேரத்தில் வந்த கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும், அவை மீளாது. பார்க்கிங்கில் இருந்தபோது அனுப்பப்பட்டவற்றைச் சில நாட்கள் வரை அனுப்பும் சர்வரே மறுபடி மறுபடி முயலும் என்பதால், சீக்கிரம் மீட்டால் கொஞ்சம் தாமதமாகவாவது வந்து சேரலாம். சிங்கப்பூரிலிருந்து விளக்கு கேட்டு எழுதியவருக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இந்த பில்டரில் தொடரலாமா என்றால், தளத்துக்குத் தொடரலாம். டொமைனை மட்டும் ரூபாயில் பில் போட்டு யுபிஐ வாங்கும் ரெஜிஸ்ட்ராரிடம் மாற்றிக்கொள்வது மேல். மாற்றுவதைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே செய்யுங்கள். மாற்றினாலும் ஆட்டோ ரினியூவை நம்பாமல் கையாலேயே மூன்று வருடத்துக்குக் கட்டிவிடலாம். `.com` அதிகபட்சம் 10 வருடம் வரை ஏற்கும். தொடர்பு முகவரியாக டொமைனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெயில், கணக்கு கடைக்காரர் பெயரில், போன் எண்ணும் அவருடையது. காலாவதித் தேதியைக் கல்லாவுக்கு மேல் தொங்கும் தினசரிக் காலண்டரில் அக்டோபர் முதல் தேதித் தாளிலேயே எழுதி வைத்த கடையில் இதுவரை தளம் நிற்கவில்லை.