பெரியம்மாவின் ஒலிப்பதிவுகளும் ஒடாசிட்டியும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர், வயதான தம் தந்தையார் கேட்பதற்கென ஒலிப்பதிவுகளைச் சீர்செய்ய ஒடாசிட்டி போதுமா என்று கேட்டிருந்தார். சில ஆண்டுகளாக அதே வேலைக்கு அதனைப் பயன்படுத்தி வருவதால், என் அனுபவத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன். மென்பொருள் இலவசம் என்பதும் கோப்பை எப்படித் திறப்பது என்பதும் அவருக்குத் தெரியும்.

நான் சீர்செய்யும் பதிவுகளைக் கேட்பவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் என் பெரியம்மா. கோவிலில் நடக்கும் புராண படிப்புக்கு அவரால் இப்போது போக முடிவதில்லை. ஆகவே பாடலுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்லும் பகுதியை உறவினர் எவராவது கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்ப, நான் அதனைச் சீர்செய்து, அவருடைய சிறிய ஸ்பீக்கருக்கு ஏற்றவாறு மெமரி காட்டில் போட்டுக் கொடுக்கிறேன். "சத்தம் நல்லாக் கேக்குது தம்பி, என்ன சொல்லுறார் எண்டுதான் விளங்கேல்லை" என்பது அவருடைய வழக்கமான முறைப்பாடு. முதுமையில் வரும் கேள்விக் குறைவை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அதில் முதலில் மங்குவன உயர்ந்த அதிர்வெண்கள். உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க, வல்லினங்கள் வெடிக்கும் கணமும் சகரத்தின் உரசலும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே விழுகின்றன. ஆதலால் ஒலியளவைக் கூட்டும்போது, ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த உயிரொலிகள் இன்னும் இரைகின்றனவே தவிர, சொல் தெளிவதில்லை.

இந்த இடத்தில், வேண்டிய அதிர்வெண்களை மட்டும் உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் Filter Curve EQ எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம் பெருமளவு போய்விடும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் தாழ்த்தி, 2000 முதல் 4000 வரை ஓர் அகன்ற மேடாக 4 டெசிபல் உயர்த்துகிறேன். தாழ்ந்த ஒலிகள் தமக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும் இயல்புடையவை என்பதால், அந்தத் தாழ்த்தலும் உயர்த்தலுக்கு நிகரான வேலையைச் செய்கிறது. கூடக் கொடுத்தால் கூடத் தெளியும் என்று எண்ணி 8, 10 டெசிபல் என்று ஏற்றக் கூடாது. முதிய காதுக்கு மெல்லிய ஒலி கேளாமல் இருப்பதற்கும் சற்றே பலத்த ஒலி நோகச் செய்வதற்கும் இடையிலுள்ள தூரம் குறுகியது. சகரம் சீழ்க்கைபோல் கேட்கத் தொடங்கினாலோ, கேட்பவர் தாமாகவே ஒலியளவைக் குறைத்தாலோ, எல்லை தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். மேலும், இதனை ஹெட்போனில் கேட்டு முடிவு செய்வதில் பயனில்லை. அந்தச் சிறிய ஸ்பீக்கர் தன் பங்குக்கு எதைத் தூக்கும், எதை விழுங்கும் என்பது அதில் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். வேகத்தைக் குறைப்பதற்கென Change Tempo என்றொரு வசதி உண்டு. Change Speed and Pitch குரலையும் சேர்த்துத் தாழ்த்திவிடும். Change Tempo சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டும். −10 சதவீதம் என்று கொடுத்தால் 30 நிமிடப் பதிவு 33 நிமிடம் 20 விநாடி ஆகும். அதுவரை குறையில்லை. −20 ஐத் தாண்டினால், இவ்வகை நீட்டல் முறைகள் பலவற்றுக்கும் பொதுவான பலவீனம் வெளிப்படுகிறது. ஒலியைச் சிறு துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து நீட்டுவதால், உயிரொலி அழகாக நீள, நீளவே கூடாத வெடிப்பு மழுங்குகிறது அல்லது இரட்டிக்கிறது. தெளிய வேண்டிய மெய்யே கலங்கிப்போகிறது. இந்தக் கருவியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சினம் வருவது இதனால்தான்.

தமிழுக்கு, அதிலும் யாழ்ப்பாணப் பேச்சுக்கு, இந்தக் கேடு இன்னும் கூர்மையாகத் தைக்கும். பத்து, பற்று, பட்டு என்ற மூன்றையும் நாம் மூன்று விதமாகவே உச்சரிக்கிறோம். மூன்றிலும் உயிரொலிகள் ஒன்றே. நாக்கு எந்த இடத்தில் ஒட்டிப் பிரிந்தது என்பதை, அடைப்புக்குப் பின் வரும் சிறு வெடிப்பும் அதன் இருபுறத்து உயிரொலிகளின் விளிம்பும்தான் காட்டுகின்றன. அண்மையில் ஒரு பதிவில், பயன் சொன்னவர் "பற்றை விட்டவனுக்கு" என்று சொன்னதைப் பெரியம்மா "பட்டை விட்டவனுக்கு" என்று விளங்கிக்கொண்டு, யார் பட்டை விட்டது என்று கேட்டார். அந்த இடத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தேன். நெருங்கிப் பதிந்த குரலில், அகரத்துக்குப் பின் பத்தில் ஒரு விநாடி அளவுக்கு ஏறக்குறைய வெறுங்கோடும், அதன் முடிவில் ஊசிபோல் ஒரு கீற்றும் தெரியும். இங்கே அந்த வெறுங்கோடு முழுவதையும் மண்டபத்தின் எதிரொலி நிரப்பியிருக்க, ஊசி அதற்குள் புதைந்து கிடந்தது.

இதற்கு நான் செய்தது இரண்டு. இடைவெளியை மட்டும் தெரிவுசெய்து Amplify மூலம் 9 டெசிபல் தாழ்த்தினேன். கீற்றை மட்டும் 4 டெசிபல் உயர்த்தினேன். திரும்பப் போட்டபோது பெரியம்மா "பற்று" என்று பிசகின்றிச் சொன்னார். (கேட்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், என்ன சொன்னவர் என்று கேட்க வேண்டும்.) அரை மணி நேரப் பதிவு முழுவதற்கும் இப்படிச் செய்ய எவருக்கும் பொறுமை இராது. கருத்து தொங்கி நிற்கும் சொற்களுக்கு மட்டும் செய்யலாம். பலத்த ஒலியை அமுக்கி ஒலியளவைச் சமப்படுத்தும் Compressor இதே இடைவெளியைக் கெடுக்கும் மற்றொரு கருவி. அமுக்கியதை விடுவிக்க அது எடுக்கும் நேரமான Release மிகக் குறுகியதாக இருந்தால், ஒற்றின் அடைப்புக்குள்ளேயே ஒலியளவு ஏறி, எதிரொலியை மேலே தூக்கிவிடும். அமுக்கும் விகிதமான Ratio 2 உம், 300 மில்லி விநாடிக்குக் குறையாத Release உம் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

நான் எதிர்பாராத இன்பம் வேறோர் இடத்தில் கிடைத்தது. Change Tempo வை −8 அளவில் நிறுத்திவிட்டு, வாக்கியமும் தொடரும் முடியும் இடங்களில் உள்ள இடைவெளிகளை மட்டும் அரை விநாடியிலிருந்து ஒரு விநாடியாக நீட்டினேன். பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது முன்சொன்னதை மனத்தில் கோர்த்துக்கொள்ளும் அவகாசம்தான். சொற்களை இழுக்காமலே அதனைக் கொடுக்க முடிகிறது, எந்த மெய்யும் சிதைவதில்லை. Generate பட்டியலில் உள்ள Silence ஐ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். முழு நிசப்தம் வந்தால் ஸ்பீக்கர் நின்றுவிட்டது என்று எண்ணிப் பொத்தானை அமத்துவார்கள். பேச்சில்லாத ஓரிடத்தில் மண்டபத்தின் மெல்லிய இரைச்சலைப் பிரதிசெய்து ஒட்டினால் இடைவெளி இயல்பாக இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பின், நண்பருக்கு என் தீர்ப்பு: இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் இந்த வேலைக்கு இதைவிட ஏற்றதை நான் கண்டதில்லை, ஆயினும் உங்கள் தந்தையாருக்காக வாசிக்கப் போவது நீங்களே என்றால், இதில் பாதியைத் தொடவே வேண்டாம். கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில், விசிறியை நிறுத்திவிட்டு, தொடருக்குத் தொடர் நிறுத்தி வாசியுங்கள். Filter Curve EQ இல் அந்த மேட்டை மட்டும் கொடுத்தால் போதும். Change Tempo வைத் திறக்கவே வேண்டாம். நானும் அடுத்த மாதம் கோவிலுக்கு நேரில் போய், பயன் சொல்பவரின் மேசையிலேயே கைத்தொலைபேசியை வைக்கக் கேட்கப் போகிறேன்.